படத்தில் வந்த அட்டவணை: மூன்று குழு, பதினான்கு கன்று, ஒரு கோடு

கொப்பித் தாளில் பேனையால் எழுதிய அட்டவணை ஒன்றின் படம் வாட்ஸப்பில் வந்தது. அனுப்பியவள் என் தங்கையின் மகள். சாம்பல்தீவில் வீட்டு வளவுக்குள் மிளகாய்க் கன்றுகளை வைத்து ஒரு சிறிய பரிசோதனை செய்திருக்கிறாள். "மாமா, கொப்பியை வகுப்பில் கொடுத்துவிட்டேன். இந்தப் படம்தான் மிச்சம். மூன்று கலவைக்கும் வித்தியாசம் உண்டா என்று கையாலேயே கணக்குப் போட்டுக் கொண்டுவரச் சொல்கிறார்கள்" என்று கீழே எழுதியிருந்தாள்.

பரிசோதனை எளிமையானது. அந்தப் பக்கத்துக் கரையோர மண் மணலானது. ஊற்றிய நீர் நிற்காது. அதனால் மணலோடு என்ன சேர்த்தால் கன்று நன்றாக எழும்பும் என்று பார்க்க நினைத்திருக்கிறாள். பதினைந்து பைகள். ஐந்தில் மணலும் மாட்டெருவும், ஐந்தில் மணலும் கோழி எருவும், மற்ற ஐந்தில் மணலும் தும்புத்தூளும். ஒவ்வொரு பையிலும் ஒரு கன்று. முப்பது நாள் கழித்து மண்மட்டத்திலிருந்து குருத்து நுனிவரை அளந்து, கிட்டிய சென்ரிமீற்றரில் எழுதியிருக்கிறாள்.

படத்திலிருந்து நான் பெயர்த்தெழுதியது இது:

| | மாட்டெரு | கோழி எரு | தும்புத்தூள் |
|---|---|---|---|
| 1 | 22 | 25 | 17 |
| 2 | 26 | 31 | 21 |
| 3 | 2? | 29 | 20 |
| 4 | 23 | 27 | — |
| 5 | 22 | 28 | 18 |
| கூட்டு | 120 | 140 | 76 |
| சராசரி | 24.0 | 28.0 | 19.0 |

கேள்விக்குறி நான் இட்டது. தாள் மடிந்த கோடு சரியாக அந்த இலக்கத்தின் தலைக்கு மேலால் போகிறது. 21 என்றும் வாசிக்கலாம், 27 என்றும் வாசிக்கலாம். படத்தைப் பெரிதாக்கி அவளுடைய மற்ற இலக்கங்களைப் பார்த்தேன். தும்புத்தூள் நிரலில் முதலாவதாக நிற்கும் 17 இந்த வேலைக்கென்றே எழுதியது போல் உதவியது. ஒன்றும் ஏழும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. அவளுடைய ஒன்றுக்கு இடப்பக்கம் சரிந்த சின்ன மூக்கு உண்டு. ஏழுக்குக் குறுக்குக்கோடு கிடையாது, கூரை மட்டும் கொஞ்சம் நீளம். ஆனால் சந்தேகத்துக்குரிய இலக்கத்தில் மூக்கோ கூரையோ தெரிய வேண்டிய இடத்தைத்தான் மடிப்பு விழுங்கியிருக்கிறது. ஆகவே எழுத்தைப் பார்த்து இதைத் தீர்க்க முடியாது.

தீர்த்தது அடியில் இருந்த கூட்டு வரி. 22, 26, 23, 22 சேர்ந்து 93. கூட்டு 120 என்றால் மீதி 27. 21 ஆக இருந்திருந்தால் கூட்டு 114, சராசரி 22.8. அவள் எழுதியது 120, 24.0. கூட்டியதிலேயே அவள் பிழைவிட்டிருந்தால் என்ன செய்வது என்று கேட்கலாம். அதற்காகத்தான் மற்ற இரண்டு நிரல்களையும் கூட்டிப் பார்த்தேன். 140, 76 இரண்டும் சரி. இரண்டு நிரலைச் சரியாகக் கூட்டியவள் மூன்றாவதிலும் சரியாகவே கூட்டியிருப்பாள் என்று எடுத்துக்கொள்ளலாம். தவிர, வாசிக்கக்கூடிய இரண்டு இலக்கங்களில் ஒன்று கூட்டோடு அச்சாகப் பொருந்துகிறது. 27 என்று எழுதி முன்னேறினேன்.

அடுத்தது அந்தக் கோடு. தும்புத்தூள் நிரலின் நான்காவது பை. கோடு என்றால் பூச்சியமா, அளவு இல்லையா? இதற்கும் அடி வரியே பதில் சொல்கிறது. 76 ஐ 4 ஆல் வகுத்தால்தான் 19. 5 ஆல் வகுத்தால் 15.2. அவள் நான்கால் வகுத்திருக்கிறாள். ஆகவே அந்தக் கன்று கணக்கில் இல்லை. கேட்டபோது, "அது பட்டுப்போய்விட்டது மாமா" என்றாள். சரி, அந்தக் குழுவில் நான்கு. மொத்தம் 14 அளவுகள். பட்டுப்போன கன்றைப் பற்றிப் பிறகு வருகிறேன், அது அவ்வளவு எளிதில் விட்டுவிடக் கூடிய விடயம் இல்லை.

கணக்கைத் தொடங்குமுன் அவளிடம் ஒன்று கேட்டேன். பைகளை எப்படி அடுக்கியிருந்தாய்? இப்போது கச்சான் காற்றுக் காலம். காற்றுப் படும் பக்கத்துப் பைகள் மற்றவற்றைவிட வேகமாகக் காயும். மாட்டெருப் பைகள் ஐந்தும் ஒரு வரிசை, கோழி எருப் பைகள் அடுத்த வரிசை என்று அடுக்கியிருந்தால், பிறகு தெரியும் வித்தியாசம் எருவாலா காற்றாலா என்று எந்தச் சூத்திரமும் பிரித்துத் தராது. நல்ல வேளை, சீட்டுக் குலுக்கிப்போட்டுத்தான் இடம் ஒதுக்கியிருக்கிறாள். ஒரு பைக்கு ஒரு கன்று என்பதும் முக்கியம். ஒரே பெரிய தொட்டியில் ஐந்து கன்றை நட்டு ஐந்து அளவு எடுத்திருந்தால், அவை ஒன்றையொன்று சாராத ஐந்து சான்றுகள் ஆகா. ஒரு தொட்டியின் கதையை ஐந்து முறை கேட்டதாகவே முடியும்.

இனிக் கணக்கு. ஒருவழி மாறற்திறன் பகுப்பாய்வு, சுருக்கமாக அனோவா, கேட்பது ஒரே கேள்வி: குழுக்களின் சராசரிகள் ஒன்றிலிருந்து ஒன்று விலகி நிற்கும் அளவு, ஒரே குழுவுக்குள் கன்றுக்குக் கன்று இருக்கும் விலகலோடு ஒப்பிடும்போது பெரிதா? ஒரே எரு, ஒரே அளவு நீர், இருந்தும் மாட்டெருக் குழுவில் ஒரு கன்று 22, இன்னொன்று 27. எருவில் வித்தியாசம் இல்லாதபோதே கன்றுகள் இவ்வளவு மாறுபடுகின்றன. கோழி எருவின் சராசரி நான்கு சென்ரிமீற்றர் கூட என்று மகிழ்வதற்கு முன், அந்த நான்கை இந்த இயல்பான ஏற்றத்தாழ்வோடு வைத்துப் பார்க்க வேண்டும்.

முதலில் குழுவுக்குள் இருக்கும் வர்க்கத் தொகை. ஒவ்வொரு கன்றின் உயரத்திலிருந்தும் அதன் சொந்தக் குழுச் சராசரியைக் கழித்து, வர்க்கமாக்கிக் கூட்ட வேண்டும்.

மாட்டெரு, சராசரி 24. விலகல்கள் −2, 2, 3, −1, −2. வர்க்கங்கள் 4, 4, 9, 1, 4. கூட்டு 22.

கோழி எரு, சராசரி 28. விலகல்கள் −3, 3, 1, −1, 0. வர்க்கங்கள் 9, 9, 1, 1, 0. கூட்டு 20.

தும்புத்தூள், சராசரி 19. விலகல்கள் −2, 2, 1, −1. வர்க்கங்கள் 4, 4, 1, 1. கூட்டு 10.

மூன்றும் சேர்ந்து 52. வர்க்கமாக்குவதற்கு முன் விலகல்களைக் கூட்டிப் பார்ப்பது என் வழக்கம். ஒவ்வொரு குழுவிலும் பூச்சியம் வர வேண்டும். வராவிட்டால் சராசரியிலோ கழித்தலிலோ பிழை இருக்கிறது, அங்கேயே நின்று திருத்திவிடலாம்.

அடுத்து குழுக்களுக்கு இடையிலான வர்க்கத் தொகை. இங்கே எல்லாக் கன்றுகளின் பொதுச் சராசரி தேவை. கூட்டுகள் 120, 140, 76, மொத்தம் 336. அதை 14 ஆல் வகுத்தால் 24. ஒவ்வொரு குழுச் சராசரியும் 24 இலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறது என்று பார்த்து, வர்க்கமாக்கி, அந்தக் குழுவில் எத்தனை கன்றோ அத்தனையால் பெருக்க வேண்டும்.

மாட்டெருவுக்கு 5 × 0 = 0. கோழி எருவுக்கு 5 × 16 = 80. தும்புத்தூளுக்கு 4 × 25 = 100. கூட்டு 180.

மாட்டெருவுக்குப் பூச்சியம் வந்ததைக் கண்டு அவள் குழம்பினாள். அந்தக் குழு கணக்கில் சேரவில்லை என்று பொருள் இல்லை. அதன் சராசரி தற்செயலாகப் பொதுச் சராசரியோடு ஒன்றாக விழுந்திருக்கிறது, அவ்வளவுதான். பொதுச் சராசரியை 24 ஆக்கியதில் அந்த ஐந்து கன்றுகளுக்கும் பங்கு உண்டு.

மொத்த வர்க்கத் தொகையை இந்த இரண்டையும் கூட்டிப் பெறலாம்: 232. ஆனால் கூட்டிப் பெற்றால் சரிபார்ப்பு எங்கே இருக்கிறது? அதைத் தனியாக, வேறு வழியால் கணக்கிட வேண்டும். இந்த இடத்தில் பலரும் அறியாத ஒரு பொறி இருக்கிறது, அதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன்.

குழுக்களில் எண்ணிக்கை சமமாக இல்லாதபோது, மூன்று சராசரிகளையும் கூட்டி மூன்றால் வகுத்துப் பொதுச் சராசரி என்று எழுதிவிடுவது மாணவர்களிடம் மிகச் சாதாரணம். 24, 28, 19 கூட்டினால் 71; மூன்றால் வகுத்தால் 23.67. இது பிழை, ஏனென்றால் நான்கு கன்றுள்ள குழுவுக்கும் ஐந்து கன்றுள்ள குழுவுக்கும் ஒரே எடை கொடுக்கிறது. இதை வைத்து இடையிலான தொகையைக் கணக்கிட்டால் 180 க்குப் பதில் 181.56 வரும். பிழை பிறகு பிடிபடும்தானே என்று நம்பினால், பிடிபடாது. மொத்தத்தையும் அதே 23.67 இலிருந்து விலகல் எடுத்துக் கணக்கிட்டால் 233.56 வரும். 181.56 ஓடு 52 ஐக் கூட்டினாலும் 233.56. இரண்டும் கச்சிதமாகப் பொருந்தும், கணக்கு மட்டும் பிழை. எந்த எண்ணை நடுவாக எடுத்தாலும் அந்தப் பொருத்தம் வரும் என்பது இயற்கணிதம்.

ஆகவே சரிபார்க்கும் வழியில் பொதுச் சராசரியே வரக்கூடாது. பழைய கைக்கணக்கு முறை இதற்குத் தோது. உயரங்களை அப்படியே வர்க்கமாக்கிக் கூட்டுவது: மாட்டெரு 2902, கோழி எரு 3940, தும்புத்தூள் 1454, மொத்தம் 8296. பிறகு திருத்தக் காரணி, அதாவது முழுக் கூட்டின் வர்க்கத்தை எண்ணிக்கையால் வகுத்தது:

```
336² / 14 = 112896 / 14 = 8064
மொத்தம்   = 8296 − 8064 = 232
இடையில்  = 120²/5 + 140²/5 + 76²/4 − 8064
         = 2880 + 3920 + 1444 − 8064 = 180
உள்ளே    = 232 − 180 = 52
```

மூன்றும் முன்னர் வந்தவையே. 23.67 ஐ எடுத்தவர் இங்கே வந்ததும் 180 க்கும் 181.56 க்கும் இடையே முட்டிக்கொண்டு நிற்பார். பிழை அப்போது வெளிப்படும்.

இன்னொன்றையும் அவளுக்கு அழுத்திச் சொன்னேன். இந்தச் சரிபார்ப்பு கூட்டல், கழித்தல், பெருக்கலைத்தான் சரிபார்க்கிறது, வாசித்ததைச் சரிபார்க்காது. 27 ஐ 21 என்று வாசித்திருந்தாலும் எல்லா வர்க்கத் தொகையும் அழகாகப் பொருந்தியிருக்கும். அப்படியும் போட்டுப் பார்த்தேன். உள்ளே 44.8, இடையில் 184.63, கடைசி விகிதம் 22.7 க்கு ஏறுகிறது. உண்மையான விடை 19. பிழையான வாசிப்பு முடிவைப் பலவீனமாக்காமல் இன்னும் கவர்ச்சியாக்கியிருக்கிறது, அதனால் யாருக்கும் சந்தேகம் வராது. படத்திலிருந்து பெயர்க்கும்போது அடியில் இருக்கும் கூட்டு வரியை வெட்டிவிட்டு அனுப்புகிறவர்கள் இதை யோசிப்பதில்லை.

கோட்டைப் பூச்சியமாக எடுத்திருந்தால் நிலைமை இன்னும் மோசம். தும்புத்தூள் குழுவின் உள் வர்க்கத் தொகை மட்டும் 10 இலிருந்து 298.8 ஆகப் பாய்கிறது. கணினியில் விரிதாளில் செய்கிறவர்களுக்கு ஒரு குறிப்பு: `DEVSQ` என்ற சார்பு சராசரியிலிருந்தான விலகல்களின் வர்க்கத் தொகையை நேராகவே தரும். வெற்றுக் கட்டத்தை அது தாண்டிப் போகும், பூச்சியத்தைத் தாண்டாது.

```
=DEVSQ(A2:A6)+DEVSQ(B2:B6)+DEVSQ(C2:C6)
=DEVSQ(A2:C6)
```

முதலாவது 52, இரண்டாவது 232. கோட்டுக்குரிய கட்டம் வெறுமையாக இருக்கும்வரை. அதில் 0 என்று தட்டினால் இரண்டாவது 769.6 என்று நிற்கும். அந்த எண்ணைக் கண்டதும் எங்கே போயிருக்கிறோம் என்று புரிந்துவிடும்.

வர்க்கத் தொகைகளை அப்படியே ஒப்பிட முடியாது. 52 என்பது பதினான்கு விலகல்களின் வர்க்கங்களைக் கூட்டியது, 180 மூன்று சராசரிகளின் விலகல்களிலிருந்து வந்தது. ஒவ்வொன்றையும் அதன் சுயாதீனப் பாகையால் வகுக்க வேண்டும். ஒரு குழுவுக்குள் விலகல்களின் கூட்டு பூச்சியம் என்று முன்பு பார்த்தோம். ஆகவே ஐந்தில் நான்கு தெரிந்தால் ஐந்தாவது தானாகவே தீர்மானமாகிவிடுகிறது. சுதந்திரமாக நிற்பவை நான்குதான். மூன்று குழுவுக்கும் 4, 4, 3, கூட்டு 11. மூன்று சராசரிகளுக்கும் அதே நியாயத்தால் 2. இரண்டும் சேர்ந்து 13, அதாவது 14 இல் ஒன்று குறைவு.

இடையிலான சராசரி வர்க்கம் 180 / 2 = 90. உள்ளே 52 / 11 = 4.73. விகிதம்:

```
F = 90 / 4.727 = 19.04
```

4.73 இன் வர்க்கமூலம் ஏறக்குறைய 2.2. ஒரே கலவையில் வளர்ந்த கன்றுகள் தங்கள் சராசரியிலிருந்து பொதுவாக எவ்வளவு விலகும் என்பதை அது சென்ரிமீற்றரிலேயே சொல்கிறது. அட்டவணையை மறுபடி பார்த்தால் அது நியாயமாகவே படுகிறது. வர்க்கத்தில் கணக்குப் போடுகிறவர்கள் ஒருமுறையாவது வர்க்கமூலத்துக்கு வந்து அளந்த அலகில் எண்ணைப் பார்க்க வேண்டும். 47 என்றோ 0.47 என்றோ வந்திருந்தால் இங்கே கண்ணில் பட்டிருக்கும்.

இந்த முறையை உருவாக்கிய ரொனால்ட் பிஷர் இங்கிலாந்தின் ரொதம்ஸ்ரெட் விவசாய ஆய்வு நிலையத்தில் வேலை செய்தவர். எரு, பாத்தி, விளைச்சல் ஆகியவற்றோடு மல்லுக்கட்டியதில் பிறந்த கணக்கு இது. F என்ற எழுத்தும் அவர் பெயரின் முதலெழுத்துத்தான்; அந்தப் பெயரை இட்டவர் அமெரிக்கரான ஸ்னெடெகோர். சாம்பல்தீவு மிளகாய்க் கன்றுக்கு அது பொருந்துவதில் வியப்பில்லை.

இனி 19.04 பெரிதா? சூனியக் கருதுகோள், மூன்று கலவையிலும் உண்மையான சராசரி உயரம் ஒன்றே என்பது. அது உண்மையானால் F ஒன்றைச் சுற்றித்தான் இருக்க வேண்டும். 2, 11 சுயாதீனப் பாகைகளுக்கு 5 சதவீதப் பொருண்மை மட்டத்தில் F அட்டவணை தரும் எல்லை 3.98. 1 சதவீதத்தில் 7.21. 19.04 இரண்டையும் தாண்டிவிட்டது. அட்டவணையில் மேல்வரி இடையிலான பாகை, பக்கநிரல் உள்ளேயான பாகை. மாற்றிப் பார்த்தால், அதாவது 11, 2 க்குப் பார்த்தால், 19.40 கிடைக்கும், முடிவு தலைகீழாகும். நமது எண்ணுக்கு அது எவ்வளவு அருகில் நிற்கிறது என்று பாருங்கள். எச்சரிக்கையாக இருக்க வேண்டிய இடம்.

அட்டவணை கையில் இல்லாதவர்களுக்கு, மூன்று குழுக்கள் இருக்கும்போது மட்டும் செல்லுபடியாகும் ஒரு குறுக்குவழி உண்டு. இடையிலான பாகை 2 ஆக இருந்தால் நிகழ்தகவை நேராகவே எழுதிவிடலாம்:

```
p = (உள்ளே / மொத்தம்)^(11/2) = (52/232)^5.5 ≈ 0.00027
```

சாதாரண அறிவியற் கணிப்பானே போதும். உள்ளே இருக்கும் வர்க்கத் தொகை மொத்தத்தில் எவ்வளவு பங்கோ, அதை உள்ளேயான பாகையின் பாதிக்கு அடுக்கேற்றுவது. எருவுக்கு எந்தப் பங்கும் இல்லாவிட்டால், இவ்வளவு பெரிய அல்லது இதைவிடப் பெரிய F தற்செயலாக வருவதற்கு 10,000 இல் மூன்றுக்கும் குறைந்த வாய்ப்பு. அதற்கு மேல் அந்த எண் எதையும் சொல்வதில்லை. "99.97 சதவீதம் கோழி எருதான் சிறந்தது" என்று அவள் எழுதியிருந்ததை அடிக்கச் சொன்னேன்.

அனோவா சொன்னது, மூன்று சராசரிகளும் ஒன்றல்ல என்பது மட்டும். எது எதிலிருந்து வேறு என்று அது சொல்லவில்லை. அதற்கு, குழுக்களைச் சோடி சோடியாக ஒப்பிடும் டூக்கியின் முறையை எடுத்தோம். மூன்று குழு, 11 பாகை, 5 சதவீதம் என்றால் அதன் அட்டவணை எண் 3.82. ஐந்து ஐந்து கன்றுள்ள இரு குழுக்களுக்கு எல்லை 3.82 × √(4.727/5), அதாவது 3.71 சென்ரிமீற்றர். ஐந்தும் நான்கும் உள்ள குழுக்களுக்குக் கன்று குறைவாதலால் எல்லை சற்றுக் கூட, 3.94. கோழி எருவுக்கும் மாட்டெருவுக்கும் வித்தியாசம் 4. எல்லையை மயிரிழையில் தாண்டுகிறது. மாட்டெருவுக்கும் தும்புத்தூளுக்கும் 5. கோழி எருவுக்கும் தும்புத்தூளுக்கும் 9. மூன்று சோடியும் வேறுபடுகின்றன, ஆனால் முதற்சோடியைப் பற்றி உரத்துப் பேச மாட்டேன். ஒரு கன்று இரண்டு சென்ரிமீற்றர் கூடவோ குறையவோ இருந்திருந்தால் அந்த முடிவு மாறியிருக்கக்கூடும்.

குழுக்களுக்குள் பரவல் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையையும் பார்த்தோம். உள் வர்க்கத் தொகைகளைப் பாகைகளால் வகுத்தால் 5.5, 5.0, 3.3. இவ்வளவு சிறிய குழுக்களில் இந்த வேறுபாடு ஒன்றுமே இல்லை.

இனிப் பட்டுப்போன கன்று. ஆடு மேய்ந்தது போல வெளியிலிருந்து வந்த காரணத்தால் ஓர் அளவு தொலைந்தால், மற்ற நான்கை வைத்துக் கணக்கிடுவதில் குற்றமில்லை. ஆனால் பட்டது எந்தப் பையில்? குறைந்த வளர்ச்சி காட்டிய அதே தும்புத்தூள் குழுவில். அந்தக் கலவையே அதைக் கொன்றிருந்தால், 19 என்பது பிழைத்தவற்றின் சராசரி. கலவையின் தீமையைக் குறைத்துக் காட்டும் எண். அனோவாவுக்கு அந்தக் கன்றைப் பற்றி ஒன்றும் தெரியாது. பூச்சியம் போடுவதும் தீர்வல்ல, செத்த கன்றின் உயரம் பூச்சியம் சென்ரிமீற்றர் இல்லை. ஆகவே இரண்டையும் இரண்டு வசனமாக எழுதச் சொன்னேன்: உயிரோடிருந்த கன்றுகளின் உயரம் பற்றி ஒன்று, ஐந்தில் ஒன்று பட்டது பற்றி இன்னொன்று.

தும்புத்தூளை எங்கே வாங்கினாய், கழுவினாயா என்று கேட்டேன். கழுவவில்லை. மட்டை ஊறவைத்த நீரின் உப்பு கழுவாத தூளில் தங்கியிருக்கும். கன்றுக்கு அது ஆகாது. தவிர, தும்புத்தூளில் எருவைப் போலத் தழைச்சத்து இல்லை. அது நீரைப் பிடித்து வைக்கும், உணவு தராது. இவற்றில் எது காரணம் என்று இந்தப் பதினான்கு எண்களிலிருந்து யாராலும் சொல்ல முடியாது. "தும்புத்தூள் மிளகாய்க்கு உதவாது" என்று முடிவெழுதினால் அது கணக்கு சொன்னதைத் தாண்டிய பேச்சு.

கடைசியில் அவள் எழுதிக் கொடுத்தது இப்படி: "மணலோடு சேர்த்த மூன்று கலவைகளிலும் முப்பதாம் நாளில் கன்றுகளின் சராசரி உயரம் ஒன்றல்ல (F = 19.04, பாகைகள் 2, 11, p < 0.001). கோழி எரு 28, மாட்டெரு 24, கழுவாத தும்புத்தூள் 19 சென்ரிமீற்றர். தும்புத்தூள் குழுவில் ஒரு கன்று பட்டுப்போனது. அது உயரக் கணக்கில் சேர்க்கப்படவில்லை. கோழி எருவுக்கும் மாட்டெருவுக்கும் இடையிலான வேறுபாடு எல்லைக்கு அருகில் உள்ளது." கழுவாத என்ற சொல் என் வற்புறுத்தலில் வந்தது.

மாரி தொடங்குமுன் இன்னொரு முறை செய்யப் போகிறாளாம். இம்முறை கழுவிய தும்புத்தூளை நான்காவது குழுவாகச் சேர்த்து, ஒவ்வொரு குழுவுக்கும் எட்டுப் பைகள். எல்லாம் பிழைத்தால் பாகைகள் 3, 28. அந்த 5.5 அடுக்குக் குறுக்குவழி அதற்குச் செல்லாது. F அட்டவணையின் 28 ஆம் வரியை இப்போதே படம் பிடித்து அனுப்பியிருக்கிறேன், மடிப்பில்லாமல்.